அந்தச் சொல்லை நாமே சொல்லிவிட்டால் அதன் விஷம் இறங்கிவிடுமா?

வேம்படியான் (இழையைத் தொடங்கியவர்)

என் அண்ணன் மகனுக்கு இருபது வயது. கல்லூரியில் படிக்கிறான். சென்ற மாதம் ஒரு கறுப்புச் சட்டையின் முதுகில் எங்கள் சாதியின் பெயரைப் பெரிய எழுத்தில் அச்சிட்டு, அதை அணிந்துகொண்டு வீட்டுக்கு வந்தான். "அயலார் நம்மைத் திட்டுவதற்கு வைத்திருக்கும் சொல்லை நானே முதுகில் எழுதிக்கொண்டால், இனி யார் என்னை என்ன சொல்லித் திட்ட முடியும்?" என்று கேட்டான். அண்ணன் ஒரு வார்த்தையும் பேசாமல் எழுந்து உள்ளே போய்விட்டார். அன்றிலிருந்து அப்பாவுக்கும் மகனுக்கும் பேச்சு இல்லை.

அண்ணன் ஓர் அலுவலகத்தில் முப்பத்திரண்டு ஆண்டுகள் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். அங்கே ஒருவரும் அவர் முகத்துக்கு நேரே அந்தச் சொல்லைச் சொன்னதில்லை. என்றாவது ஒரு நாள் சொல்லிவிடுவார்கள் என்று காத்திருந்தே அத்தனை ஆண்டுகளும் கழிந்தன என்று ஒரு முறை என்னிடம் சொன்னார்.

நான் இருவருக்கும் நடுவில் நிற்கிறேன். பையன் சொல்வதில் உண்மை இருப்பதுபோல் தோன்றுகிறது. அண்ணனின் முகத்தைப் பார்த்தால் அது உண்மை என்று சொல்ல மனம் வரவில்லை. இழிசொல்லை அதற்கு இலக்கானவர்களே எடுத்துக்கொண்டு அதன் வலிமையை நீக்கிய வரலாறு எங்காவது உண்டா? இருந்தால் அது எப்படி நடந்தது?

தெளிவுரை

பையன் சொல்வதுதான் சரி ஐயா. சொல் என்பது வெறும் ஒலி. நாம் அஞ்சும்வரைதான் அதற்குப் பல் இருக்கும். வாய் கூசாமல் ஆயிரம் முறை சொல்லுங்கள், நாணயத்தின் முகம் தேய்வதுபோல் அதுவும் தேய்ந்துவிடும். சொல்லாதே, எழுதாதே என்று பூட்டி வைப்பதால்தான் அது கூர்மையாக இருக்கிறது. உங்கள் அண்ணன் முப்பத்திரண்டு ஆண்டுகள் அதைப் பூட்டி வைத்திருந்தார். மகன் பூட்டைத் திறந்துவிட்டான்.

மின்மினி

தெளிவுரை அவர்களே, நான் ஒரு திருநங்கை. எங்களைக் கேலி செய்யப் பயன்படும் சொற்களில் ஒன்று "ஒன்பது". நீங்கள் ஒரு நாளில் அதை எத்தனை முறை சொல்கிறீர்கள் என்று எண்ணிப் பாருங்கள். மணி சொல்லும்போது, வீட்டு எண் சொல்லும்போது, பிள்ளைக்கு வாய்ப்பாடு சொல்லிக்கொடுக்கும்போது என்று கோடிக்கணக்கான வாய்களில் ஓய்வில்லாமல் உழலும் சொல் அது. திரும்பத் திரும்பச் சொன்னால் தேயும் என்றால் தமிழில் முதலில் தேய்ந்திருக்க வேண்டிய இழிசொல் அதுதான். தேயவில்லையே!

நான் படித்த பள்ளியில் என் வருகைப் பதிவு எண் பதினான்கு. ஆனாலும் ஆசிரியர் வரிசையாகக் கூப்பிட்டுக்கொண்டே எட்டைத் தாண்டும் அந்த நொடியில் வகுப்பு முழுவதும் என் பக்கம் திரும்பும். ஒன்பதாம் எண்ணுக்கு உரியவன் எழுந்து "உள்ளேன் ஐயா" என்று சொல்லும் குரல் சிரிப்பில் அமிழ்ந்துவிடும். அந்த எண்ணை யாரும் பூட்டி வைக்கவில்லை. அதைத் தடை செய்யவும் முடியாது.

எங்களுக்குள் நாங்கள் அதைச் சொல்லிச் சிரிப்பதும் உண்டு. அந்தச் சிரிப்பில் வலி இல்லை. கதவைத் திறந்துகொண்டு தெருவுக்கு வந்தால் அதே சொல் அதே வலியோடு காத்திருக்கிறது. உள்ளே சிரித்தது வெளியே எங்களுக்கு ஒரு துளியும் உதவியதில்லை.

சட்டமுரசு

வேம்படியான் ஐயா, அஞ்ச வேண்டாம். உங்கள் அண்ணன் மகன் மீது யாரும் வழக்குத் தொடர முடியாது. 1989-ஆம் ஆண்டின் வன்கொடுமைத் தடுப்புச் சட்டம், பட்டியல் சாதியையோ பழங்குடியையோ சேராத ஒருவர், அவற்றைச் சேர்ந்தவரை, பொதுமக்கள் பார்வைக்கு உட்பட்ட இடத்தில் சாதிப் பெயர் சொல்லித் திட்டுவதைத்தான் குற்றம் என்கிறது. 2015-இல் செய்த திருத்தத்துக்குப் பிறகு அது பிரிவு 3(1)-இன் உட்பிரிவுகளில் தெளிவாகவே இருக்கிறது. உங்கள் பையன் தன் சாதிப் பெயரைத் தானே எழுதிக்கொண்டிருக்கிறான். எனவே குற்றம் இல்லை. மாறாக, சட்டையைப் பார்த்து யாராவது அவனை அதே சொல்லால் அழைத்து அவமதித்தால், "அவனே எழுதியிருந்தான், நான் படித்தேன்" என்று தப்பிக்க முடியாது.

2008-இல் ஸ்வரண் சிங் வழக்கில் உச்ச நீதிமன்றம் ஏறத்தாழ இதைத்தான் பார்த்தது. திட்டியது ஒரு சாதியின் பெயரைச் சொல்லி. அது அந்தச் சாதிக்கு வழங்கும் பெயர்தானே, அதில் என்ன இழிவு என்ற வாதத்தை நீதிமன்றம் ஏற்கவில்லை. இன்று மக்கள் வழக்கில் அந்தச் சொல் எந்தப் பொருளில் வீசப்படுகிறதோ அந்தப் பொருளையே கொள்ள வேண்டும் என்றது. வீட்டு வாசலில், தெருவில் போவோர் காணும்படி திட்டினாலும் அது பொதுமக்கள் பார்வைக்கு உட்பட்ட இடம்தான் என்றும் சொன்னது.

வேம்படியான்

நன்றி ஐயா. நான் வழக்கு வருமா என்று கேட்கவில்லை. இருந்தாலும் நீங்கள் சொன்னதில் ஒன்று என்னை நிறுத்திவிட்டது. ஒரே சொல், ஆனால் சொல்பவர் யார் என்று பார்த்த பிறகே சட்டம் அதைக் குற்றம் என்கிறது. அப்படியென்றால் சொல் வெறும் ஒலி என்பது சட்டத்துக்கே ஒப்புதல் இல்லை.

பழஞ்சுவடி

வேம்படியான், உங்கள் வீட்டில் நடப்பது புதிய சண்டை அல்ல. தமிழில் இது 130 ஆண்டுகளுக்கு முன்பே நடந்திருக்கிறது. உங்கள் அண்ணன் மகனின் இடத்தில் இரட்டைமலை சீனிவாசன் நின்றார். எதிரில் நின்றவர் அயோத்திதாசர். இருவரும் ஒரே மக்களின் தலைவர்கள். இருவருமே அறிவாளிகள்.

சீனிவாசன் 1893-இல் சென்னையில் ஒரு பத்திரிகை தொடங்கினார். அதற்கு அவர் வைத்த பெயர் "பறையன்". மாத இதழாகத் தொடங்கி, வார இதழாகி, 1900 வரை வந்தது. பெயரை மாற்றும்படி கேட்டவர்கள் சொந்த மக்களுக்குள்ளேயே இருந்தார்கள். அவர் மாற்றவில்லை.

அயோத்திதாசர் அந்தப் பெயரையே ஏற்கவில்லை. அது நம் பெயர் அன்று, நம்மை வீழ்த்தியவர்கள் நம்மேல் சுமத்தியது. நாம் இந்த நாட்டின் பூர்வ பௌத்தர்கள் என்பது அவர் வழக்கு. 1891-இல் அவர் அமைத்த சபைக்குத் திராவிட மகாஜன சபை என்று பெயர். 1907-இல் "ஒரு பைசாத் தமிழன்" என்ற பெயரில் பத்திரிகை தொடங்கினார். அடுத்த ஆண்டு அது "தமிழன்" ஆனது. பகைவன் தந்த பெயரைத் துலக்கிக்கொண்டிருப்பது வீண் வேலை, வேறு பெயரில் நட என்பது அவர் வழி.

இப்போது சீனிவாசன் ஏன் பிடிவாதமாக இருந்தார் என்று பாருங்கள். அவர் காலத்தில் நகரத்துக்கு வந்து நான்கு எழுத்துப் படித்து வேலை பெற்றவர்கள் பலர் தம் சாதியை மறைத்துக்கொண்டு வாழ்ந்தார்கள். வேறு வழி இருக்கவில்லை. அவர்களிடம் அந்தச் சொல் இரண்டு கத்திகளாக வேலை செய்தது. ஒன்று இகழ்ச்சி: நீ தாழ்ந்தவன். மற்றொன்று அம்பலப்படுத்துதல்: நீ யார் என்று எனக்குத் தெரியும், ஊருக்குச் சொல்லிவிடுவேன். முதல் கத்தி சொல்லும் கணத்தில் குத்தும். இரண்டாவது கத்தியை உறையை விட்டு எடுக்கவே தேவையில்லை. அது எடுக்கப்படலாம் என்ற நினைப்பே போதும். உங்கள் அண்ணன் முப்பத்திரண்டு ஆண்டுகள் அஞ்சியது இந்த இரண்டாவது கத்திக்குத்தான்.

பத்திரிகையின் முகப்பில் அந்தப் பெயரை அச்சிட்டதும் இரண்டாவது கத்தி மழுங்கிவிட்டது. மறைக்காதவனை எப்படி அம்பலப்படுத்துவது? இந்தியக் குடிமைப் பணித் தேர்வை இங்கேயும் நடத்த வேண்டும் என்று காங்கிரஸ் கேட்டபோது, அது உயர்சாதியினர் கையில் ஆட்சியைக் கொடுத்துவிடும் என்று சீனிவாசன் எதிர்த்தார். 3,412 பேரின் கையெழுத்தோடு ஒரு மனு பிரிட்டிஷ் நாடாளுமன்றத்துக்குப் போனது. நாங்கள் இன்னார் என்று சொல்லி அத்தனை பேர் கையெழுத்து வைத்தார்கள். முந்தைய தலைமுறை வாயால்கூடச் சொல்ல அஞ்சிய ஒன்று அது.

ஆனால் முதல் கத்தி அப்படியே இருந்தது. பத்திரிகை ஏழு ஆண்டுகள் வந்த பிறகும் வயலில் நின்றவனை அழைத்த குரலில் ஒரு மாற்றமும் இல்லை. பையனிடம் இதைச் சொல்லுங்கள். அவன் சட்டை ஒரு கத்தியைத்தான் பறிக்கும்.

தெளிவுரை

ஒப்புக்கொள்கிறேன், "ஒன்பது" என்னை வாயடைக்க வைத்துவிட்டது. திரும்பத் திரும்பச் சொல்வது மட்டும் போதாது. ஆனாலும் முற்றிலும் வலிமை இழந்த சொற்கள் இருக்கத்தான் செய்கின்றன. இங்கிலாந்தில் வாக்குரிமை கேட்டுப் போராடிய பெண்களை ஏளனம் செய்ய "சஃப்ரஜெட்" என்ற சொல்லை ஒரு நாளிதழ் 1906-இல் உருவாக்கியது. அந்தப் பெண்கள் அதையே எடுத்துக்கொண்டார்கள். 1912-இல் அவர்களுடைய பத்திரிகைக்கே அது பெயராகிவிட்டது. ஆறே ஆண்டுகள். இன்று அதை வசை என்று யாருக்காவது தெரியுமா?

பழஞ்சுவடி

மிக நல்ல எடுத்துக்காட்டு. ஏன் அவ்வளவு விரைவாக நடந்தது என்பதையும் பார்த்துவிடுவோம். அந்தச் சொல்லில் இரண்டாவது கத்தி கிடையாது. அந்தப் பெண்கள் தெருவில் ஊர்வலம் போனார்கள். மறைக்க ஒன்றும் இல்லை. முதல் கத்தியும் புதியது. ஒரு செய்தியாளர் நேற்று வடித்தது. தலைமுறை தலைமுறையாக அந்தச் சொல்லோடு அடி விழுந்ததில்லை. மேலும் அவர்கள் கேட்ட வாக்குரிமை சில ஆண்டுகளில் கிடைத்தது. சொல்லுக்குப் பின்னால் நின்ற நிலைமை போனதும் சொல்லும் பல் போனதாகிவிட்டது.

அதோடு "குயர்" என்ற சொல்லை ஒப்பிடுங்கள். ஒருபால் ஈர்ப்புடையவர்களை அடிக்கும்போது சொன்ன சொல் அது. 1990-இல் நியூயார்க்கில் "குயர் நேஷன்" என்று பெயர் வைத்துக்கொண்டு இளையவர்கள் கிளம்பினார்கள். இன்று பல்கலைக்கழகப் பாடப்பிரிவுகளின் பெயரில் அது இருக்கிறது. ஆனால் அந்தச் சொல்லைக் கேட்டுக்கொண்டே உதை வாங்கிய மூத்தவர்களில் பலர் அதை ஏற்கவே இல்லை. இன்றும் தம்மை அப்படி அழைக்க வேண்டாம் என்று சொல்பவர்கள் உண்டு. இளையவர்கள் அந்தச் சொல்லைச் சட்டையில் படித்தார்கள். மூத்தவர்கள் அதை முதுகில் வாங்கியிருந்தார்கள். உங்கள் வீட்டிலும் அதே இரண்டு தலைமுறைகள்தான் இருக்கின்றன.

செங்காந்தள்

பழஞ்சுவடி ஐயா மீது எனக்கு மதிப்பு உண்டு. ஆனால் சீனிவாசன் தோற்றார் என்பதைச் சொல்லாமல் விட்டுவிட்டார். 1922-இல் எம்.சி.ராஜா சென்னை சட்டமன்றத்தில் கொண்டுவந்த தீர்மானத்தின்படி அரசு ஆவணங்களில் அந்தப் பெயரும் "பஞ்சமர்" என்ற பெயரும் நீக்கப்பட்டு "ஆதிதிராவிடர்" வந்தது. வென்றது அயோத்திதாசரின் வழி. மக்கள் கேட்டு வாங்கியது வேறு பெயரை.

இன்னொன்றையும் யாரும் சொல்லவில்லை. தமிழில் வசை பெயர்ச்சொல்லில் மட்டும் இல்லை, விகுதியில் இருக்கிறது. "அர்" என்று முடித்தால் ஒரு சமூகத்தின் பெயர். "அன்" என்று முடித்தால் எதிரில் நிற்பவனை ஒருமையில் மிதிக்கும் சொல். அதோடு "வாடா", "போடா" சேர்ந்துவிடும். எழுபது வயது முதியவரைப் பன்னிரண்டு வயதுச் சிறுவன் அப்படி அழைத்ததை என் பாட்டி கண்டிருக்கிறார். சீனிவாசன் "பறையர்" என்று பெயர் வைத்திருக்கலாம். வேண்டுமென்றே அந்த மிதிக்கும் விகுதியையே எடுத்து முகப்பில் வைத்தார். அந்தத் துணிச்சலை நான் வணங்குகிறேன். ஆனால் விகுதியை ஒரு பத்திரிகை திருத்த முடியாது.

பழஞ்சுவடி

விகுதியைப் பற்றிச் சொன்னது மிகச் சரி, நான் அதைச் சொல்லாமல் விட்டது என் பிழை. ஒரு திருத்தம் மட்டும். அன்றைய பத்திரிகைப் பெயர்களில் "அன்" இயல்பானது. "சுதேசமித்திரன்" இருந்தது, அயோத்திதாசரின் "தமிழன்" வந்தது. பத்திரிகையையே ஓர் ஆளாகப் பாவித்துப் பெயர் வைக்கும் வழக்கம் அது. எனவே விகுதியை மட்டும் வைத்துச் சீனிவாசனின் எண்ணத்தை அளக்க முடியாது. அதே நேரம், "மித்திரன்" என்று கூவி விற்கும்போது யாரும் திரும்பிப் பார்த்திருக்க மாட்டார்கள். "பறையன்" என்று கூவி விற்றபோது தெரு திரும்பிப் பார்த்திருக்கும். அதையும் அவர் அறிந்தே செய்தார்.

தோற்றார் என்பதை நான் ஏற்கவில்லை. 1930-இல் அம்பேத்கருடன் வட்டமேசை மாநாட்டுக்குப் போனவர் அவர். அங்கேயும் தம் சாதியையும் தீண்டாமையையும் மறைக்காமல் சொல்லிக்கொண்டே நின்றார். ஆவணத்தில் பெயர் மாறுவது ஒரு வழக்கு, ஒரு மனிதன் தலை நிமிர்ந்து தன்னைச் சொல்லிக்கொள்வது வேறு வழக்கு.

செங்காந்தள்

தலை நிமிர்வது யாரால் முடிந்தது என்று கேட்கிறேன். சீனிவாசன் படித்தவர், நகரத்தில் இருந்தார், பத்திரிகை வைத்திருந்தார். வேம்படியான் அண்ணன் மகன் கல்லூரியில் நண்பர்கள் நடுவில் அந்தச் சட்டையைப் போடுகிறான். கூலி வேலைக்குப் போகும் ஒருவர் அதைப் போட்டுக்கொண்டு வரப்பில் நடக்க முடியுமா? போட்டால் அவரைத் திட்டுபவர்கள், "பார், அவனே சொல்லிக்கொள்கிறான்" என்பார்கள். எடுத்துக்கொண்ட சொல்லின் பலன் ஓர் இடத்தில், அதன் செலவு இன்னோர் இடத்தில்.

புதுப் பெயர் வைத்தால் தீர்ந்துவிடும் என்றும் நான் சொல்ல மாட்டேன். காந்தி "ஹரிஜன்" என்று பெயர் தந்தார். கடவுளின் மக்கள் என்று பொருள். அதைவிட இனிய பொருள் வேண்டுமா? அதுவும் இரக்கத்தின் நாற்றம் வீசுகிறது என்று மக்களே தூக்கி எறிந்தார்கள். "தலித்" நிலைத்தது. நொறுக்கப்பட்டவர் என்று பொருள். பொருளில் இனிமையே இல்லை. ஆனால் நொறுக்கியவன் ஒருவன் உண்டு என்பதையும் அது சேர்த்துச் சொல்கிறது. யார் வைத்த பெயர் என்பதும் யாரைச் சுட்டுகிறது என்பதும்தான் எனக்கு முக்கியமாகத் தெரிகின்றன.

தெளிவுரை

ஒரு கேள்வி. ஆங்கிலத்தில் "பரையா" என்று எழுதுகிறார்களே, ஒதுக்கப்பட்ட நாடு, ஒதுக்கப்பட்ட தலைவர் என்ற பொருளில். அது நம் சொல்லிலிருந்து போனதுதானே? அங்கே எழுதுபவர்களுக்கு அது யாரைக் குறித்தது என்றே தெரியாது. அது தேய்ந்த சொல்தானே?

பழஞ்சுவடி

அங்கே தேய்ந்தது மக்களின் நினைவு. இகழ்ச்சி தேயவில்லை. யாரும் அண்டக்கூடாதவர் என்ற பொருளை வைத்துக்கொண்டு மனிதர்களை மட்டும் கழற்றிவிட்டார்கள். சொல்பவருக்கு ஒன்றும் தோன்றாது. ஆனால் அந்த மக்களில் ஒருவர் காலையில் நாளிதழைத் திறந்து அந்தத் தலைப்பைப் பார்த்தால் என்ன ஆகும்? ஒரு சொல் வலிமை இழந்ததா என்பதைச் சொல்பவரிடம் கேட்டு அறிய முடியாது என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டாம். சுடுகிறதா என்பதை அந்தச் சொல்லைக் காதில் வாங்கியவரிடம்தான் கேட்க வேண்டும்.

மின்மினி

வேம்படியான் ஐயாவிடம் ஒன்று கேட்க வேண்டும். பழஞ்சுவடி ஐயா சொன்ன இரண்டாவது கத்தியைப் பற்றி இரவெல்லாம் யோசித்தேன். நான் யார் என்பதை வீட்டில் நான் வாய்திறந்து சொன்ன நாளில் என் பயம் போய்விட்டது. அது உண்மை. ஆனால் அன்று இரவே என் தங்கையின் பயம் தொடங்கியது. அவள் பள்ளியில் அதுவரை யாருக்கும் தெரியாது. நான் என்னைச் சொல்லிக்கொண்டேன் என்றுதான் நினைத்தேன். அவளையும் சேர்த்துச் சொல்லியிருந்தேன். நான் செய்தது தவறு என்று இன்றும் நினைக்கவில்லை. ஆனால் அவளிடம் முன்பே ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம்.

உங்கள் பையன் அந்தச் சட்டையோடு தெருவில் நடந்து எந்த வீட்டுக்குள் நுழைந்தான்? அண்ணன் குடியிருக்கும் தெருவில் அவர் யார் என்று எத்தனை பேருக்குத் தெரியும்?

சட்டமுரசு

நான் கேள்வியைத் தவறாகப் புரிந்துகொண்டேன், மன்னியுங்கள். மின்மினி அம்மா கேட்டதற்குச் சட்டத்தில் பதில் இல்லை.

வேம்படியான்

மூன்று நாட்களாக எழுத முடியவில்லை. மின்மினி அம்மா, நீங்கள் கேட்டதுதான் விஷயம். அண்ணன் ஓய்வு பெற்ற பிறகு வாங்கிய வீடு அது. தெருவில் ஒருவருக்கும் தெரியாது. கேட்டவர்களுக்கு ஏதோ ஒரு பதில் சொல்லி வைத்திருந்தார். பையன் பட்டப்பகலில் தெரு முழுவதும் நடந்து வந்திருக்கிறான்.

அண்ணனிடம் இரண்டு கத்திகளைப் பற்றிச் சொன்னேன். நெடுநேரம் பேசாமல் இருந்தார். பிறகு, "அவன் தன் கத்தியைப் பிடுங்கி எறிந்தான். அது என் மேல் வந்து விழுந்தது" என்றார். சற்று நேரம் கழித்து, "எதிர்வீட்டுக்காரர் நேற்று வழக்கம்போலத்தான் பேசினார். வழக்கம்போலத்தானா என்று எனக்குத் தெரியவில்லை" என்றார்.

பையனிடமும் பேசினேன். சீனிவாசனைப் பற்றி அவனுக்கு முன்பே தெரிந்திருந்தது. சட்டையில் எழுதும் எண்ணமே அங்கிருந்துதான் வந்தது என்றான். தெருவைப் பற்றிச் சொன்னதும் முகம் மாறிவிட்டது. "அப்பா இங்கேயும் மறைத்துக்கொண்டுதான் இருக்கிறாரா?" என்று கேட்டான். அவனுக்கு அது தெரியவே தெரியாது. அலுவலகத்தோடு முடிந்துவிட்டது என்று நினைத்திருக்கிறான்.

இருவரும் இன்னும் பேசவில்லை. சட்டையைத் துவைத்து மடித்து அலமாரியில் வைத்திருக்கிறான். அண்ணன் நேற்று அந்த அலமாரியைத் திறந்து பார்த்துவிட்டு மூடினார் என்று அண்ணி சொன்னார்.